குரல்பதிவிலிருந்து முறையீட்டுக் கடிதம்: முட்டுக்காட்டுப் பேருந்துப் பயணியின் சினவுரையை எழுத்து வழக்காக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

பேருந்துப் பயணத்தில் இன்னலுற்ற ஒருவர் சினத்தோடு பேசி அனுப்பும் குரல்பதிவை, போக்குவரத்து அலுவலகம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளத்தக்க அமைதியான கடிதமாக மாற்றுவது பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கும் பணி மட்டுமன்று. பேச்சில் கலந்து கிடக்கும் நிகழ்வு, ஊகம், மதிப்பீடு, வேண்டுகை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்த பின்னரே வழக்கு மாற்றம் தொடங்க வேண்டும். முட்டுக்காட்டுப் பேருந்து நிறுத்தத்தைக் களமாகக் கொண்ட ஓர் எடுத்துக்காட்டின் வழியாக இம்மாற்றத்தின் படிநிலைகளையும், அதில் நேரும் இழப்பு, மிகை என்னும் இருவகைப் பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது. திணைச்சுட்டும் துணைவினையும் சினத்தைத் தாங்கும் இலக்கணக் கூறுகளாக நிற்பதும், அவற்றுள் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதும் சிறப்பாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குரல்பதிவு, முறையீட்டுக் கடிதம், இரட்டை வழக்கு, வெகுளி, திணை, துணைவினை, முட்டுக்காடு

முன்னுரை

தமிழ் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என இரண்டாகப் பிரிந்து இயங்கும் மொழி. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரையில் தமிழையும் அதற்குச் சான்றாகக் குறிப்பிட்டார். இப்பிளவினால் ஒருவர் தமக்கு நேர்ந்ததை வாயால் சொல்ல வல்லவராயிருந்தும், அதையே அலுவலகத்திற்கு எழுதும்போது தயங்கி நிற்கும் நிலை தமிழ்ச் சூழலில் இயல்பாகவே காணப்படுகின்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று வாயிலருகே அமர்ந்து மனு எழுதித் தருவோர் இத்தயக்கத்தைக் கடக்க உதவுகின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கத்தைச் சேர்ந்த பெண்களின் மனுக்களை முன்வைத்துப் பிரான்சிஸ் கோடி 2009இல் வெளியிட்ட கட்டுரையும், மனு எழுதுவதையும் கையெழுத்திடுவதையும் குடிமையுரிமையோடு இணைத்து ஆராய்ந்தது.

கைப்பேசி வந்த பின் இப்பணியின் தொடக்கப்புள்ளி மாறியுள்ளது. முன்பு மனுதாரர் எழுத்தர்முன் அமர்ந்து, கேட்ட வினாக்களுக்கு விடை சொன்னார். இன்று நிகழ்ந்த இடத்திலேயே, நிகழ்ந்த சூட்டிலேயே பேசிப் பதிந்து, எழுதத் தெரிந்த உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ அனுப்பிவிடுகிறார். இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. நினைவு மங்குமுன் சொல்லப்படுவதால் செய்தி புதிதாக இருக்கின்றது. இடைமறித்துக் கேட்பார் இல்லாமையால் அலுவலகத்திற்குத் தேவையான தகவல்களில் பாதி விடுபட்டுப் போகின்றது.

களமும் எடுத்துக்காட்டும்

முட்டுக்காடு கிழக்குக் கடற்கரைச் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்தின் வட எல்லைப் பகுதியில், கழிமுகத்தை ஒட்டி அமைந்த ஊர். படகுக் குழாமும் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் வெளியூரார் அறிந்தவை. அவற்றோடு, பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கென ஒன்றிய அரசு 2005இல் நிறுவிய தேசிய நிறுவனமும் இங்கேயே உள்ளது. ஆகவே இச்சாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்போரில் பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் வந்து செல்லும் குழந்தைகளும் அவர்தம் பெற்றோரும் அடங்குவர்.

இங்கே தரப்படும் குரல்பதிவு, இத்தகைய பதிவுகளின் இயல்பைக் காட்டும்பொருட்டு அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டாகும். எந்தப் போக்குவரத்துக் கழகத்தையும் தனிமனிதரையும் அது சுட்டவில்லை. காலிபர் அணிந்து நடக்கும் எட்டு வயதுச் சிறுவனின் தாய், தம் தெருவில் வாழும் மூத்த பெண்மணி ஒருவருக்கு அனுப்பியதாக அது கொள்ளப்படுகின்றது. பதிவு வந்து சேர்ந்த நேரம் பிற்பகல் 2.50.

"அக்கா, நான் இன்னும் முட்டுக்காட்டு ஸ்டாப்புலதான் நின்னுக்கிட்டிருக்கேன். இவனுங்களுக்கு எல்லாம் மனசாட்சியே கெடையாதுக்கா. பையனுக்கு தெரபி முடிச்சு ஒன்றரைக்கெல்லாம் வந்துட்டேன். மொத வண்டிக்குக் கைய காட்டுறேன், என்ன நல்லா பாத்தான், பாத்துட்டு அப்படியே அடிச்சிக்கிட்டுப் போயிட்டான். நாங்க ஓசி டிக்கெட்டுல்ல, அதான். ரெண்டாவது வண்டி எங்கியோ தள்ளிப் போயி நின்னு தொலைச்சான். காலிபர் போட்ட புள்ளைய இழுத்துக்கிட்டு நான் ஓடணுமா? ஓடுனேன். புள்ள கீழ விழுந்துட்டான்க்கா, முட்டியெல்லாம் ரத்தம். கிட்ட போனா அந்தக் கண்டக்டரு, 'இதுங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு எதுக்கு பஸ்ல வரீங்க'ன்னு கேக்குறான். பெரிய கலெக்டரு இவன். ஏத்திக்காமயே ரெண்டு விசிலு குடுத்துட்டான். பொட்டிக்கடக்காரரு சொல்றாரு, தெனமும் இப்படித்தானாம். ரெண்டு மணி நேரமா வெயில்ல நிக்கிறேன். இவனுங்கள எல்லாம் வேலைய விட்டுத் தூக்கணும். நீங்க எழுதுங்கக்கா, சும்மா விடக்கூடாது."

வெகுளியும் அதன் நிலைக்களனும்

இப்பதிவைக் கேட்பவர் முதலில் செய்ய முற்படுவது சினச்சொற்களை நீக்குவது. அது பிழையான தொடக்கம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளியைச் சொல்லுமிடத்து அதற்குரிய நிலைக்களன் நான்கையும் சேர்த்தே கூறுகின்றது. உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் ஆகிய நான்கும் பிறரால் செய்யப்படும் செயல்கள். அலைத்தல் என்பதனுள் அடித்தலோடு வைதலையும் உரைமரபு அடக்குகின்றது. வெகுளி வெறும் உள்ளக் கொதிப்பாக அங்கே கருதப்படவில்லை. பிறர் செய்த ஒன்றன் விளைவாகவே கருதப்பட்டது. கடிதம் எழுதுவோர்க்கு இக்கருத்து நேரடியாகப் பயன்படுகின்றது. சினம் தோன்றும் ஒவ்வோரிடத்திலும் அதைத் தூண்டிய செயல் எது என்று தேட வேண்டும். செயல் கிடைத்தால் அது கடிதத்துக்கு உரியது. செயல் எதுவும் கிடைக்காவிடில் அத்தொடரை விட்டுவிடலாம்.

'மனசாட்சியே கெடையாது', 'பெரிய கலெக்டரு இவன்' என்னும் இரண்டும் மதிப்பீடுகள். இவற்றுக்கென்று தனிச்செயல் இல்லை. அடுத்து வரும் செயல்களின் மீதான கருத்துரைகளே இவை. ஆகவே நீக்கலாம். 'நான் ஓடணுமா?' என்பதும் மேற்பார்வைக்கு மதிப்பீடு போலத் தோன்றும். ஆனால் அவ்வினாவுக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கின்றது. பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளி நின்றது, அதனால் நடக்க இயலாத குழந்தையோடு தாய் ஓட நேர்ந்தது என்பதே அச்செய்தி. விடை வேண்டாத இவ்வினாக்களைச் சினம் எனக் கருதி நீக்கினால் முறையீட்டின் நடுப்பகுதியே போய்விடும். அவற்றை உடன்பாட்டுக் கூற்றாக மாற்றி வைத்துக்கொள்வதே முறை.

கண்டது, கருதியது, கேட்டது

அடுத்த படி, பேசுபவர் எதைக் கண்டார், எதை ஊகித்தார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று பகுப்பது. இதற்குப் பேச்சுத் தமிழே சான்று தருகின்றது. 'தெனமும் இப்படித்தானாம்' என்பதிலுள்ள 'ஆம்' இடைச்சொல், செய்தி பிறர் வாய்க்கேட்டது என்பதைக் காட்டுகின்றது. சினத்தின் உச்சத்திலும் தாய் அவ்வேறுபாட்டை விடாமல் பேசியிருக்கிறார். கடிதம் எழுதுபவர் அதை 'நாள்தோறும் இவ்வாறே நிகழ்கின்றது' என எழுதினால், அவர் சொல்லாத ஒன்றுக்கு அவரையே பொறுப்பாக்கியதாகும். விசாரணையில் 'நாள்தோறும் நீங்கள் பார்த்தீர்களா?' என்ற ஒரே வினாவில் முறையீடு முழுதும் ஐயத்துக்குரியதாகிவிடும். கடைக்காரர் சாட்சி சொல்ல இசைந்தாலன்றி இதைச் சேர்க்க வேண்டியதில்லை. சேர்ப்பதாயின் 'அருகிலுள்ள கடைக்காரர் கூறினார்' என்றே சேர்க்க வேண்டும்.

'நாங்க ஓசி டிக்கெட்டுல்ல, அதான்' என்பது ஊகம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அவ்வாண்டிலேயே இச்சலுகை மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் செல்லும் துணையாளர் ஒருவருக்கும் விரிவாக்கப்பட்டது. தாயின் ஊகத்துக்கு இதுவே பின்புலம். ஆயினும் ஓட்டுநரின் உள்நோக்கத்தை நிறுத்தத்தில் நின்றவர் அறிந்திருக்க முடியாது. சலுகை இருப்பது உண்மைச் செய்தி. அதுதான் காரணம் என்பது கருத்து. முன்னதை எழுதிப் பின்னதை விட்டுவிடுவது கடிதத்தை வலுப்படுத்தும். காரணத்தைக் கண்டறிவது விசாரிப்பவர் பொறுப்பு.

'என்ன நல்லா பாத்தான்' என்பதும் இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓட்டுநர் முகம் தம் பக்கம் திரும்பியதைத் தாய் கண்டிருக்கலாம். அவர் பார்த்தும் வேண்டுமென்றே நிறுத்தவில்லை என்பது ஊகத்தின்பாற்படும். 'கைகாட்டினேன், பேருந்து நிற்கவில்லை' என்பதே உறுதியாகச் சொல்லத்தக்கது.

மீண்டும் கேட்க வேண்டியவை

குரல்பதிவில் இல்லாத தகவல்களை எழுதுபவர் தாமே நிரப்பக் கூடாது. பேசியவரிடம் திரும்பக் கேட்க வேண்டும். சினம் சற்றுத் தணிந்த பின், ஆனால் அன்றைக்கே கேட்பது நன்று.

முதலாவது, நேரம். 'ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்' என்கிறார். ஆனால் ஒன்றரைக்கு நிறுத்தத்துக்கு வந்ததாக அவரே சொல்கிறார். பதிவு அனுப்பப்பட்டது 2.50க்கு. இடைப்பட்ட காலம் ஒரு மணி இருபது நிமிடம். வெயிலில் நின்றவர்க்கு அது இரண்டு மணியாகத் தோன்றியதில் பொய்யில்லை. கடிதத்தில் அப்படியே எழுதினால் மட்டும் அது பொய்யாகிவிடும். பதிவு வந்த நேரம் கைப்பேசியிலேயே நிற்பதால் இத்தகைய முரண்களை எளிதில் சரிபார்க்க முடிகின்றது. எடுத்துக்காட்டில், திரும்பக் கேட்டபோது முதற்பேருந்து ஏறத்தாழ 1.50க்கும் இரண்டாவது ஏறத்தாழ 2.35க்கும் வந்ததாகத் தாய் கூறியதாகக் கொள்வோம்.

இரண்டாவது, பேருந்தின் அடையாளம். பேருந்தில் ஏறியவரிடம் பயணச்சீட்டு இருக்கும். அதில் நாளும் நேரமும் அச்சாகியிருக்கும். ஏற்றப்படாதவரிடம் எந்தச் சீட்டும் இல்லை. ஆகவே தடம் எண், சென்ற திசை, நேரம், நிறுத்தம் ஆகிய நான்குமே அப்பேருந்தை அடையாளம் காட்டுபவை. பதிவெண்ணோ அதன் கடைசி நான்கு இலக்கங்களோ தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இவை கிடைத்தால் பணிமனையின் கிளை மேலாளர், அந்நேரத்தில் அந்நிறுத்தத்தைக் கடந்த நடை எது, அதில் பணியிலிருந்தோர் யாவர் என்று பதிவேட்டைக் கொண்டு காண முடியும். இவை இல்லாத கடிதம் எவ்வளவு நயமாக எழுதப்பட்டிருந்தாலும் மேற்கொண்டு நகராது.

மூன்றாவது, பேருந்து யாருடையது என்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை செல்லும் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும், புதுச்சேரி வரை செல்லும் விழுப்புரம் கோட்டப் பேருந்துகளும் ஓடுகின்றன. ஒரு கழகத்தின் பேருந்தைப் பற்றி மற்றொரு கழகத்துக்கு எழுதினால் கடிதம் அலுவலகங்களுக்கிடையே அலையும். தனியார் பேருந்தாயின் முறையீடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். மேலும், தொலைதூரப் பேருந்துகளுக்கு எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் கடப்பாடு இல்லை. எடுத்துக்காட்டின் முதற்பேருந்தின் தடம் எண்ணைத் தாய் கவனிக்கவில்லை எனக் கொள்வோம். அது முட்டுக்காட்டில் நிற்க வேண்டாத பேருந்தாகவும் இருந்திருக்கலாம். எனவே அதைக் கடிதத்தின் முதன்மைக் குற்றச்சாட்டாக வைக்கலாகாது. இரண்டாவது பேருந்து நிறுத்தத்தைக் கடந்தேனும் நின்றது. தடம் எண்ணும் தெரியும். முறையீடு அதன்மேல்தான் நிற்க வேண்டும்.

நான்காவது, வேண்டுகை. 'வேலைய விட்டுத் தூக்கணும்' என்பது சினத்தின் சொல். உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டால், அத்தாயின் விடை வேறாக இருக்கக்கூடும். அடுத்த வாரமும் அதே நிறுத்தத்துக்கு அவர் வந்தாக வேண்டும். பேருந்து நிறுத்தத்திலேயே நிற்க வேண்டும், பிள்ளை ஏறும்வரை பொறுக்க வேண்டும் என்பதே அவர் தேவை. அதைக் கேட்டறியாமல் 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்று மட்டும் முடிக்கும் கடிதம், அலுவலகத்துக்கு எதையும் சொல்வதில்லை.

வழக்கு மாற்றம்: துணைவினையும் திணையும்

இத்தனையும் முடிந்த பின்னரே மொழிநடை மாற்றத்துக்கு வர வேண்டும். பேச்சுத் தமிழில் சினம் வசைச்சொற்களில் மட்டும் தங்குவதில்லை, வினைமுற்றுகளிலும் தங்குகின்றது. 'நின்னு தொலைச்சான்' என்பதில் 'தொலை' என்னும் துணைவினை வெறுப்பைக் காட்டுகின்றது. நின்றது என்னும் செய்தியில் அதற்குப் பங்கில்லை. அதை நீக்கி 'நின்றது' என்றால் செய்தி குறையாது. 'விழுந்துட்டான்' என்பதிலுள்ள 'விடு' அத்தகையதன்று. அது செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும். 'விழுந்துவிட்டான்' என்று அதை நிறுத்திக்கொள்வதே சரி. 'விழ நேரிட்டது' என்று மென்மையாக்கினால் விழுந்தானா, விழ இருந்தானா என்னும் மயக்கம் பிறக்கும்.

செயப்பாட்டு வினையும் இவ்வாறே கவனத்துக்குரியது. அலுவல் நடையில் பழகியோர் 'பேருந்து நிறுத்தப்படவில்லை', 'பயணி ஏற்றப்படவில்லை' என எழுதுவர். அமைதியான நடைதான், ஆனால் செய்தவர் யார் என்பது மறைந்துபோகின்றது. இரண்டு முறை ஊதல் ஒலித்துப் பேருந்தை எடுக்கச் செய்தவர் நடத்துநர். 'நடத்துநர் எங்களை ஏற்றாமலேயே இருமுறை ஊதல் ஒலித்தார்' என்னும் செய்வினைத் தொடரில் சினமும் இல்லை, மறைப்பும் இல்லை.

தாய் ஓட்டுநரையும் நடத்துநரையும் 'அவன்', 'இவனுங்க' என்கிறார். கடிதத்தில் இவை 'ஓட்டுநர்', 'நடத்துநர்' என்று பணிப்பெயர்களாக மாற வேண்டும். வினைமுற்றும் 'ஆர்' ஈறு பெற வேண்டும். இதில் எவருக்கும் ஐயமிருக்காது. சிக்கல் எழுவது நடத்துநரின் கூற்றில்தான்.

'இதுங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு எதுக்கு பஸ்ல வரீங்க' என்பதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. தாயை நோக்கிய 'வரீங்க' மரியாதை வடிவமாகவே இருக்கின்றது. இழிவு முழுவதும் 'இதுங்க' என்னும் சுட்டில் உள்ளது. மக்களை உயர்திணை என்றும் அல்லாதவற்றை அஃறிணை என்றும் பகுத்துத்தான் தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குகின்றது. மாந்தக் குழந்தையை அஃறிணைப் பன்மையால் சுட்டியதே இங்கு நிகழ்ந்த அவமதிப்பு. அன்பினால் குழந்தையை 'இது' என்று சுட்டும் வழக்கும் தமிழில் உண்டு. அது திணைவழுவமைதியாக ஏற்கப்படுவது. இங்கே 'எல்லாம்' என்னும் சொல் சேர்ந்து, ஒரு சிறுவனை வேண்டாத ஓர் இனத்தின் உறுப்பாக்கியதால் அது வழுவாகவே நிற்கின்றது.

கடிதம் எழுதுபவர் நடையைச் செம்மையாக்கும் பழக்கத்தில் இதை 'இவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு எதற்காகப் பேருந்தில் வருகிறீர்கள் என வினவினார்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? திணை திருந்திவிடும், கூடவே குற்றமும் மறைந்துவிடும். படிக்கும் அலுவலர்க்கு அது பொறுமையிழந்த ஒருவரின் சாதாரண வினாவாகவே தோன்றும். எனவே விதி இவ்வாறு அமைகின்றது: முறையிடுபவரின் சொந்தக் கூற்றில் திணையையும் மரியாதையையும் உயர்த்தலாம், அவர் மேற்கோளாகத் தரும் பிறர் கூற்றில் ஓரெழுத்தையும் மாற்றலாகாது. பேச்சு வழக்கிலேயே, மேற்கோள் குறிக்குள் அது நிற்க வேண்டும்.

இதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92இல், பொதுமக்கள் காணத்தக்க இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பதைத் தண்டனைக்குரியதாக்குகின்றது. நடத்துநரின் கூற்று அதனுள் அடங்குமா என்பதைக் கடிதம் எழுதுபவர் தீர்மானிக்க இயலாது. தாய் கேளாதபோது சட்டப்பிரிவைச் சேர்ப்பதும் முறையன்று. ஆனால் பின்னாளில் எவரேனும் தீர்மானிக்க வேண்டி வந்தால், மாற்றப்படாத அச்சொற்களே அவர்முன் இருக்க வேண்டும்.

கடிதம்

மேற்கண்ட படிகளின்வழி அமையும் கடிதம் பின்வருமாறு. பெயர், முகவரி, எண்கள் வெற்றிடமாக விடப்பட்டுள்ளன.

அனுப்புநர்: ……
பெறுநர்: கிளை மேலாளர், …… பணிமனை.

பொருள்: முட்டுக்காடு நிறுத்தத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவனையும் தாயையும் ஏற்றாமல் பேருந்து சென்றது – விசாரணை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

…… அன்று பிற்பகல் ஏறத்தாழ 2.35 மணிக்கு, திருவான்மியூர் நோக்கிச் சென்ற தடம் எண் …… பேருந்து, முட்டுக்காடு நிறுத்தத்தில் நிற்காமல் அதனைக் கடந்து சென்று நின்றது. நானும் எட்டு வயதான என் மகனும் நிறுத்தத்தில் காத்திருந்தோம். என் மகன் கால்களில் காலிபர் அணிந்து நடப்பவன். பேருந்தைப் பிடிக்க அவனோடு ஓடியபோது அவன் கீழே விழுந்துவிட்டான். முழங்காலில் அடிபட்டு இரத்தம் வந்தது.

நாங்கள் பேருந்தை அடைந்தபோது நடத்துநர் என்னிடம், "இதுங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு எதுக்கு பஸ்ல வரீங்க" என்று கேட்டார். பின்னர் எங்களை ஏற்றாமலேயே இருமுறை ஊதல் ஒலித்தார், பேருந்து சென்றுவிட்டது.

அதற்கு முன் ஏறத்தாழ 1.50 மணிக்கு வந்த வேறொரு பேருந்தும் நான் கைகாட்டியும் நிற்கவில்லை. அதன் தடம் எண்ணை நான் கவனிக்கவில்லை. 1.30 மணி முதல் 2.50 மணிக்குப் பின்னரும் நாங்கள் வெயிலில் நிற்க நேர்ந்தது. நாங்கள் இருவரும் கட்டணமில்லாப் பயணச் சலுகைக்கு உரியவர்கள்.

சிகிச்சைக்காக நாங்கள் வாரந்தோறும் இந்நிறுத்தத்துக்கு வருகிறோம். எனவே, மேற்படி நிகழ்வை விசாரித்து, முடிவை எனக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்குமாறும், இத்தடத்தின் பேருந்துகள் நிறுத்தத்திலேயே நின்று, மாற்றுத்திறனாளிகள் ஏறி அமரும்வரை காத்திருக்க அறிவுறுத்துமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: 1. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல். 2. காயத்தின் ஒளிப்படம்.

இழப்பும் மிகையும்

இக்கடிதம் சரியாக அமைந்ததா என்பதை இரண்டு சோதனைகளால் அறியலாம். முதலாவது இழப்புச் சோதனை. குரல்பதிவில் உள்ள செயல்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கடிதத்தில் தேட வேண்டும். நிற்காத பேருந்து, தள்ளி நின்ற பேருந்து, ஓட்டம், விழுதல், காயம், நடத்துநரின் சொல், ஊதல், காத்திருப்பு ஆகிய எட்டும் கடிதத்தில் உள்ளன. இவற்றுள் விடுபடும் அபாயம் மிகுந்தது காயம். சினத்தின் நடுவே ஒரே மூச்சில் சொல்லப்படுவதாலும், 'ரத்தம்' என்னும் சொல் உணர்ச்சி மிக்கதாகத் தோன்றுவதாலும், அமைதி தேடும் எழுத்தர் அதை 'சிரமம் ஏற்பட்டது' என்று சுருக்கிவிடுவர்.

இரண்டாவது மிகைச் சோதனை. கடிதத்தின் ஒவ்வொரு தொடரையும் எடுத்து, இது குரல்பதிவிலோ பின்னர்க் கேட்ட விடையிலோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லாதது எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் நீக்கப்பட வேண்டும். 'நூறு அடி தள்ளி' என்று எழுதத் தோன்றும்; ஆனால் தாய் 'எங்கியோ தள்ளி' என்றுதான் சொன்னார். தொலைவை அவர் உறுதியாகச் சொல்லாதவரை 'கடந்து சென்று' என்பதே உண்மையின் எல்லை. வேண்டுகைப் பகுதியும் 'வாரந்தோறும்' என்பதும் பதிவில் இல்லாதவை. அவை பின்னர்க் கேட்டறிந்த விடையில் இருந்தால் மட்டுமே நிற்கலாம்.

இரு சோதனைகளுக்கும் பின் ஒரு செயல் எஞ்சுகின்றது. கடிதத்தைத் தாயிடம் படித்துக் காட்ட வேண்டும். கையொப்பம் அவருடையது, விசாரணைக்கு அழைக்கப்படுபவரும் அவரே. எழுத்து வழக்கில் மட்டும் படித்தால், புரியாத இடத்திலும் மரியாதை கருதி அவர் தலையாட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் பேச்சு வழக்கில் திருப்பிச் சொல்லி, 'இப்படித்தானே நடந்தது?' என்று கேட்பது நல்லது. அவர் 'ஆமா' என்பதோடு நிறுத்தாமல், 'மொத வண்டிக்காரன் பாத்தத ஏன் எழுதல?' என்று கேட்டால், எழுதாததன் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் கேட்ட பின்னும் அவர் சேர்க்கச் சொன்னால், 'ஓட்டுநர் என் பக்கம் பார்த்ததாகத் தோன்றியது' என்று சேர்க்கலாம். முறையீடு அவருடையது.

முடிவுரை

குரல்பதிவைக் கடிதமாக்குவதில் அமைதி என்பது சொற்களைக் குறைப்பதனால் வருவதன்று. நிகழ்வை ஊகத்திலிருந்தும் மதிப்பீட்டிலிருந்தும் பிரிப்பதனால் வருவது. பேச்சுத் தமிழின் 'ஆம்' இடைச்சொல், துணைவினைகள், விடை வேண்டா வினாக்கள் ஆகியன அப்பிரிப்புக்கு உரிய தடயங்களைத் தம்முள் கொண்டுள்ளன. பணிப்பெயர், மரியாதை ஈறு ஆகியவற்றால் முறையிடுபவரின் கூற்றைச் செம்மையாக்கலாம். பிறர் கூற்றைச் செம்மையாக்கும் உரிமை எழுதுபவர்க்கு இல்லை. இவ்வெடுத்துக்காட்டில் ஒரு சிறுவனுக்கு நேர்ந்த இழிவு, 'இதுங்க' என்னும் ஒரு சுட்டில் மட்டுமே தங்கியிருந்தது. அதை 'இவர்கள்' என்று திருத்துபவர், இலக்கண வழுவை நீக்கியதாக எண்ணிக்கொண்டு, கடிதம் எழுதப்பட்டதற்கான காரணத்தையே நீக்கிவிடுவார்.